காலிப் பெட்டிகள் குறைந்த மாதம்

காலை பத்து மணி ஆனால் போதும், என் கண் தானாகச் சன்னலுக்குப் போகும். பத்தரைக்கு லாரி வர வேண்டும். தெம்பனிஸில் எங்கள் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில், சன்னலோரம் என் மேசை. அங்கிருந்து பார்த்தால் வாசல் கேட் நன்றாகத் தெரியும். அந்த இடம் எனக்குக் கிடைத்தபோது அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பொறாமை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். கேட் தெரியாத மூலையில் இருந்திருந்தால் அந்த மாதம் நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ.

நாங்கள் சக்கர நாற்காலி செய்கிறோம். ஒரு நாளைக்கு நாற்பது. வளைத்த குழாய், சக்கரம், திருகாணி, மெத்தைக்கான ஃபோம், இருக்கைக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரே துணி உறை என்று ஐந்து பொருள் ஐந்து சின்ன இடங்களிலிருந்து வரும். முன்பெல்லாம் அவரவர் வேன் பிடித்து அனுப்புவார்கள். குழாய் வரும் வேனில் பாரம் ஏறிவிடும், ஆனால் இடம் பாதி காலி. ஃபோம் வரும் வேனில் இடம் நிறைந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. ஒவ்வொரு வேனுக்கும் குறைந்தபட்ச வாடகை, டிரைவர் கூலி, சாலைக் கட்டணம் உண்டு. இதையெல்லாம் அவர்கள் கொடுப்பதாகத்தான் பேர். பொருளின் விலைக்குள் வைத்து எங்களிடமே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குத்தான் நான் மில்க் ரன் என்ற யோசனையைச் சொன்னேன். பண்ணை பண்ணையாக ஒரே வண்டி போய்ப் பாலை எடுத்து வருவதைப் போல, நம்முடைய ஒரே லாரி ஐந்து இடத்துக்கும் குறித்த நேரத்தில் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வரும். குழாய் அடியில், ஃபோம் மேலே. பாரமும் நிறையும், இடமும் நிறையும். ஐந்து அரைகுறை வேனுக்குப் பதில் ஒரு முழு லாரி. விலையிலிருந்து அனுப்பும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஐந்து பேரிடமும் கேட்கலாம். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது எனக்கு வாய் ரொம்ப நீளம். என் மேலாளர் சீனர், அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூன்று மாதம் செய்து பார் என்றார். லாரியால் ஒரு நாள் வேலை நின்றாலும் பழையபடி வேன்தான், அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். என் ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

லாரி ஓட்டியவர் என் வயதுக்காரர், தீவின் மறுபக்கம் புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. காலை ஏழு மணிக்கு அங்கிருந்து கிளம்பி முதலில் சுங்கை காடுட்டில் குழாயை ஏற்றுவார். அப்புறம் ஜாலான் புசாரில் திருகாணி, தேக்காவில் துணி உறை, காக்கி புக்கிட்டில் சக்கரமும் ஃபோமும், கடைசியாக நாங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். யாராவது தயாராக இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது, விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருவருக்காக நின்றால் அடுத்தவர்கள் எல்லாருக்கும் தாமதமாகும்.

துணி உறை தைத்துக் கொடுத்தவர் தேக்கா சென்டர் சந்தையின் மாடியில் கடை வைத்திருந்த ஒரு பாய். அறுபது வயதிருக்கும். அவர் அப்பா காலத்திலிருந்து அங்கேதான். இரண்டு தையல் மிஷின். ஒன்றில் அவர், இன்னொன்றில் ஒரு பெண். வாரத்துக்கு ஒரு தடவை வேனில் மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தவரிடம், இனி தினமும் நான்கு பெட்டி என்றேன். நீலப் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றில் பத்து உறை. மொத்தம் பன்னிரண்டு பெட்டி வாங்கினோம். நான்கு அவரிடம், நான்கு எங்களிடம், நான்கு காலியாகி வழியில். போன் கிடையாது, ஆர்டர் தாள் கிடையாது. எத்தனை காலிப் பெட்டி வருகிறதோ அத்தனையை நிரப்பி மறுநாள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலிப் பெட்டிதான் ஆர்டர். இதை அவருக்கு விளக்கியபோது பாய் சிரித்துவிட்டு, ரொம்ப லேசா இருக்கே என்றார். லேசுதான். எல்லாரும் ஒழுங்காக இருந்தால்.

முன்பு இரண்டு வாரத்துக்கான உறை அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். இப்போது ஒரு நாள் வேலைக்கு மட்டும். அந்த வெற்று அலமாரியைப் பார்த்து மேலாளருக்கு ஆனந்தம். நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இருக்கிற உறையை ஒரு தடவை எண்ணிவிட்டுப் போவேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கொட்டுகிற மழை. விரைவுச்சாலையில் விபத்து. பத்தரை ஆயிற்று, பத்தே முக்கால் ஆயிற்று, கேட்டில் எதுவும் இல்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. கீழே இறங்கிப் போய் எத்தனை உறை மிச்சம் என்று எண்ணினேன். ஐந்து. மறுபடி மேலே ஏறி வந்து கேட்டைப் பார்த்தேன். மறுபடி கீழே போய் எண்ணினேன், நான்கு. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்று இருபதுக்கு லாரி வந்தபோது இரண்டு உறை மிச்சம் இருந்தது. வேலை நிற்கவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மேசைக்குத் திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம்தான் முதல் பெட்டியை ஒளித்தேன்.

முதல் மாடியில் மாதிரிப் பொருள் வைக்கும் அறை, அதன் சாவி என்னிடம் இருந்தது. அங்கே பழைய உறைகள் ஐந்து பெரிய அட்டைப்பெட்டியில் கிடந்தன. புதிய முறை தொடங்கும் முன்பே பழையதைத் தீர்த்துவிட வேண்டும் என்பது உத்தரவு. தீர்ந்துவிட்டது என்று சரியாகப் பார்க்காமல் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்புறம் அவை கண்ணில் பட்டும் திருத்தவில்லை. இப்போது அவை எனக்கு உதவிக்கு வந்தன. வந்த நான்கு நீலப் பெட்டியில் ஒன்றை முழுசாக எடுத்து அந்த அறை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அதற்குப் பதில் பத்துப் பழைய உறையைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்காலி பூட்டுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பயம் ஒரு தடவை தீனி தின்றால் அடுத்த நாளும் வந்து நிற்கும். வானம் கறுத்தால் ஒரு பெட்டி. டிரைவருக்குக் காய்ச்சல் என்று வேறு ஆள் வந்தால் ஒரு பெட்டி. இரண்டு வாரத்தில் ஆறு பெட்டி அலமாரிக்குப் பின்னால் சேர்ந்துவிட்டது. எல்லாம் கம்பெனியின் நன்மைக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அறைக்குள் போய்ச் சும்மா அவற்றைத் திறந்து பார்ப்பேன். பார்த்துப் பார்த்து அந்த உறைகளில் இரண்டு பேர் கை தெரிய ஆரம்பித்தது. பாய் தைத்தவை மூலையில் நேராக முடியும். அந்தப் பெண் தைத்தவற்றில் மூலையில் கடைசியாக மூன்று குட்டித் தையல் திரும்பி வந்திருக்கும். யாரும் கேட்காத மூன்று தையல். உட்காருகிறவரின் பாரம் அந்த மூலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் யோசிக்காதது ஒன்றுதான். ஒளித்த பெட்டி காலியாகாது. காலியாகாத பெட்டி தேக்காவுக்குத் திரும்பிப் போகாது. போகாத பெட்டியை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒரு பெட்டியை எடுத்தால் ஒரு நாள் மட்டும் குறைவதில்லை, அந்தப் பெட்டியின் முறை வரும்போதெல்லாம் குறையும். பாய்க்கு நான்கு காலி போய்க்கொண்டிருந்தது மூன்றாயிற்று, அப்புறம் இரண்டாயிற்று. இங்கே குறைந்ததைப் பழைய அட்டைப்பெட்டிகள் ஈடு கட்டியதால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பாய்க்கு மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் சாமான் இறக்கும்போது டிரைவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, பாய் கேக்குறாரு. காலிப் பெட்டி ஏன் கொறஞ்சு போச்சுன்னு."

என்ன பதில் சொல்வதென்று யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. ஆர்டர் கொஞ்சம் டல் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பொய் அடுத்த நாள் காலை எட்டரைக்குத் தேக்காவில் போய் இறங்கியிருக்கும். என் லாரி நேரம் தவறாது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி அட்டைப்பெட்டியும் தீர்ந்தது. புதன்கிழமை தேக்காவிலிருந்து இரண்டு நீலப் பெட்டி வந்தது. நாற்பது நாற்காலிக்கு இருபது உறை. நான் ஒளித்ததில் இரண்டை எடுத்து யாரும் பார்க்காமல் கீழே சேர்த்துவிட்டேன். இன்னும் நான்கு இருக்கிறது, இரண்டு நாள் ஓடும், அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பெட்டி ஏற்றினார் என்று டிரைவர் எழுதும் தாள்கள் அவர் கையில் இருந்தன. தேக்கா நிறுத்தத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கி வந்திருப்பதைக் காட்டினார். தேக்காவுக்குள் லாரி நுழைந்து, சரக்கு இறக்கும் இடத்தில் முறைக்கு நின்று வெளியே வர ஆகும் நேரம், நான்கு பெட்டி ஏற்றினாலும் இரண்டு ஏற்றினாலும் ஒன்றுதான். அப்படியானால் ஒரு பெட்டிக்கு விழும் செலவு இரண்டு மடங்கு. இந்த ஆளால் தைத்துக் கொடுக்க முடியவில்லை போலிருக்கிறது, இவரை லாரி போகும் சுற்றிலிருந்து எடுத்துவிடலாம், உறையைப் பெரிய கம்பெனி ஒன்றிடம் கொடுத்தால் அவர்களே கொண்டு வந்து தருவார்கள் என்றார். சாயங்காலத்துக்குள் பாய்க்குக் கடிதம் எழுதிவிடச் சொன்னார்.

எல்லாம் சரியான கணக்கு. நான் சொல்லிக் கொடுத்த கணக்கு. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அவர் பிழைப்பு போகும். இப்படி யோசிக்கும்போதே முதலாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு ரயில் ஏறினேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எதைச் சொல்லப் போகிறேன் என்பதை வழியெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

கீழே மீன் கடைகளைத் தாண்டி மாடிக்குப் போனேன். பாய் தனியாக இருந்தார். இரண்டாவது மிஷின் மேல் ஒரு பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார், பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து, பாலில்லாத தே ஓ டீ கொண்டு வரச் சொன்னார். நான் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புள்ள நின்னுருச்சு தங்கச்சி," என்றார். "ரெண்டு பெட்டிய வச்சு ரெண்டு பேருக்கு எப்படிச் சம்பளம் குடுக்குறது? பாத்துச்சு, பாத்துச்சு, போன திங்கக்கெழம ஏர்போர்ட்ல கிளீனிங் வேலைக்குப் போயிருச்சு. எட்டு வருசமா எங்கிட்ட தச்ச புள்ள."

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சூடு தாங்கவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"எங்கள வேணாம்னா நேரா சொல்லிருக்கலாம்லா," என்றார் பாய். கோபமே இல்லாத குரல். "தெனம் காலைல லோரி வந்தா, அந்தத் தம்பி கையில எத்தன காலிப் பெட்டி இருக்குன்னுதான் மொதல்ல பாப்பேன். பயமா இருக்கும் தங்கச்சி."

காலை லாரியைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். என் பயத்தை மூட்டை கட்டி நானே அவருக்குத் தினமும் அனுப்பியிருக்கிறேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்படியெல்லாம் இல்ல பாய், பாக்குறேன், பேசிட்டுச் சொல்றேன் என்று ஏதோ உளறிவிட்டு எழுந்தேன்.

ரயிலில் தெம்பனிஸ் வருவதற்குள் ஐந்து தடவை மனசை மாற்றிக்கொண்டேன். நான்கு பெட்டியையும் ஒவ்வொன்றாக நைசாக வெளியே விட்டால் காலி தானாகக் கூடும், யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வழி தோன்றியது. நல்ல வழிதான். ஆனால் கடிதம் இன்று சாயங்காலம் போக வேண்டும். பெட்டி சரியாகும்போது தேக்கா நிறுத்தமே இருக்காது.

நான்கு மணி இருக்கும். மாதிரி அறையைத் திறந்து நான்கு நீலப் பெட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றினேன். லிஃப்டில் ஏறி, அலுவலகத்தின் நடுவே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் மேசை முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னேன். எத்தனை பெட்டி, எப்போதிலிருந்து, பழைய அட்டைப்பெட்டி பற்றி எழுதிக் கொடுத்த பொய், டிரைவரிடம் சொன்ன பொய். பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். அலமாரியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்து எண்ணியிருந்தால் இதற்குப் பேர் கையிருப்பு என்றார். கேட்டிருந்தால் அவரே இரண்டு பெட்டி கொடுத்திருப்பாராம். அப்புறம் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டார். இன்று இரண்டு வெளியே போய்விட்டது. நாளை இரண்டு, நாளை மறுநாள் இரண்டு. ஆறும் சுற்றில் சேர்ந்துவிட்டால் பாய்க்கு மறுபடி தினமும் நான்கு காலி போகும். இன்று காலியாகும் நான்கு நாளை லாரியில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை முதல் தடவையாக அவரிடம் போய்ச் சேரும். அவர் சனிக்கிழமை நான்கைக் கொடுத்துவிட்டால் நிறுத்தம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. என் ஒப்பந்தம் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். கடிதம் எழுத வேண்டாம் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

கீழே இறங்கிப் போய் வாசலில் நின்று பாய்க்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்டர் குறையவே இல்லை, பெட்டி என்னிடம்தான் இருந்தது, பயத்தில் ஒளித்துவிட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை நான்கு வரும், முடியுமா என்று கேட்டேன். மறுமுனையில் மிஷின் ஓடும் சத்தம் நின்றது.

"தச்சுருவேன்," என்றார். "என் வூட்டுக்காரியக் கூட்டியாந்து உக்கார வப்பேன். அது ஆவும்." மிஷின் ஒரு தடவை ஓடி நின்றது. "அந்தப் புள்ளகிட்ட நான் என்னன்னு சொல்றது தங்கச்சி?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தொழுகைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பத்தரைக்கு லாரி வந்தது. நான் சன்னலில் இல்லை, கீழே கேட்டிலேயே நின்றிருந்தேன். டிரைவர் பின்கதவைத் திறந்து, நான்கு விரலைக் காட்டினார். தேக்கா நிறுத்தம் இன்றைக்கும் இருக்கிறது. அலமாரியில் இரண்டு சிவப்புப் பெட்டி கையிருப்பாக நிற்கிறது, காலையும் மாலையும் எண்ணி எழுதுகிறோம். என் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் நீட்டினார்கள். அந்தத் தையல் பெண் திரும்பி வரவில்லை. பாய் கூப்பிட்டாராம். ஏர்போர்ட்டில் மாதச் சம்பளம் நின்று போகாது என்றாளாம். பாயின் மனைவி தைப்பவை மூலையில் கொஞ்சம் கோணலாக முடியும், ஆனால் உறுதியாக இருக்கும்.

ஒளித்ததில் கடைசிப் பெட்டியை அந்த வாரம் வெள்ளிக்கிழமை நானே கீழே எடுத்துக்கொண்டு போனேன். பத்து உறையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பத்தில் ஆறு உறையில் அந்த மூன்று குட்டித் தையல் இருந்தது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பத்தும் நாற்காலியில் ஏறின பிறகு காலிப் பெட்டியைத் துடைத்து, தேக்காவுக்குப் போகும் அடுக்கில் நான்காவதாக வைத்தேன்.